வேர் மட்டும் மஞ்சளாகிவிட்டதா? ப்ளீச் போடும் வரிசையைப் பாருங்கள்

வீட்டிலோ வேறெங்கோ ப்ளீச் செய்துவிட்டு, சரிசெய்து தரச் சொல்லி எங்கள் பார்லருக்கு வருகிறவர்களின் தலையில் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறேன். தலையை ஒட்டிய ஓர் அங்குலம் வெளிர் மஞ்சள், அதற்குக் கீழே ஆரஞ்சு, நுனியில் செம்பழுப்பு. பவுடர் மட்டம் என்றோ, தன் முடி முரட்டு முடி என்றோதான் அவர்கள் நினைக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பவுடர் சரியானதாகவே இருக்கும். ஹேர் டை பூசுவதைப் போல வேரில் தொடங்கி நுனிக்கு இழுத்திருப்பார்கள். தப்பு அங்கேதான் நடந்திருக்கிறது.

ப்ளீச் பவுடரில் பெர்சல்ஃபேட் உப்புகளும் காரப் பொருள்களும் இருக்கின்றன. டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டும் சேர்ந்து முடிக்குள் இருக்கும் மெலனின் நிறமியை உடைக்கின்றன. எந்த வேதிவினையையும் போல இதுவும் சூட்டில் வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தலைத்தோலின் மேற்பரப்பு சுமார் 33, 34 டிகிரியில் இருக்கிறது. ஏசி அறையில் தோளில் தொங்கும் முடி 24, 25 டிகிரிக்கு வந்துவிடும். ஒரே பவுலில் கலந்த ப்ளீச் வேரில் ஒரு வேகத்திலும் நடுமுடியில் அதில் பாதி வேகத்திலும் வேலை செய்வது இதனால்தான். தலையின் சூடு முடியில் ஓர் அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர் வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் அறையின் சூடுதான்.

சென்னையில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஏசி காற்று நேராக முதுகில் அடிக்கும் நாற்காலியில் உட்கார வைத்தால் நுனி குளிர்ந்து, வேருக்கும் நுனிக்கும் உள்ள வித்தியாசம் கூடிவிடும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை என்றால் முடி முழுக்கவே சூடாக இருக்கும். வித்தியாசம் குறையும், ஆனால் எல்லாமே வேகமாக நடக்கும். ஃபேன் காற்றில் கலவை காய்ந்துபோகும். காய்ந்த ப்ளீச் வேலை செய்யாது. அதனால் பக்கத்துத் தெரு பார்லரில் எடுத்த நிமிடக் கணக்கை உங்கள் அறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஒவ்வொருவருக்கும் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் செய்துதான் ஆகவேண்டும்.

அண்மையில் நாங்கள் செய்த ஒரு தலையையே எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவி, சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், இயற்கைக் கருப்பு. சாயமோ மருதாணியோ படாத முடி. கேட்டது கேரமல் பழுப்பு. அதற்கு ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிலை வரை வெளுத்தால் போதும், வெளிர் மஞ்சள் தேவையில்லை. காதுக்குப் பின்னால் மெல்லிய கற்றை ஒன்றைப் பிரித்து, நடுமுடியில் 20 வால்யூம், அதாவது 6 சதவீத டெவலப்பர் கலந்த ப்ளீச்சும், வேரில் 10 வால்யூம், அதாவது 3 சதவீதம் கலந்ததும் போட்டுப் பார்த்தோம். நடுமுடி நாங்கள் நினைத்த நிறத்துக்கு வர 35 நிமிடம் எடுத்தது. பாதி பலமுள்ள டெவலப்பரிலேயே வேர் 20 நிமிடத்தில் வந்துவிட்டது. ஆக, வேருக்கு நடுமுடியைவிடக் கால் மணி நேரம் பிந்தித்தான் ப்ளீச் போக வேண்டும்.

ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு டெவலப்பர் எடுத்தோம். கலவை இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் வழியாது. வேரிலிருந்து 2.5 சென்டிமீட்டர் விட்டு, பிடரியில் தொடங்கி மேலே போனோம். ப்ளீச் ஊறும்போது கொஞ்சம் உப்பி மேலேறும். ஃபாயிலை மடித்து அழுத்தினாலும் மேலே பிதுங்கும். அதனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவே விடுவேன். அந்த இடைவெளியை வேர்ப்பூச்சில் மூடிக்கொள்ளலாம். வேரில் முன்கூட்டியே பட்டுவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. நுனி பழுதாகியிருந்தால் அதையும் கடைசியில்தான் தொடுவோம். இந்தப் பெண்ணுக்கு நுனி நன்றாக இருந்ததால் நடுமுடியோடு சேர்த்தே பூசினோம்.

இருவர் சேர்ந்து செய்தும் இதற்கு 20 நிமிடம் ஆனது. 11 மணிக்குப் பிடரியில் தொடங்கினோம், 11.20க்கு நெற்றியில் முடித்தோம். உடனே 10 வால்யூமில் புதுக் கலவை கலந்து, மறுபடி பிடரியிலிருந்து அதே வரிசையில் வேருக்குப் போட்டோம். 11.35க்கு முன்நெற்றி வேரும் முடிந்தது. பிடரியில் நடுமுடிக்கு 40 நிமிடமும் வேருக்கு 20 நிமிடமும் ஆனபோது, 11.40க்கு, அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். அங்கே ஐந்து நிமிடம் கூடியது தெரிந்தே செய்ததுதான். பிடரி முடி பெரும்பாலும் பிடிவாதமானது. நெற்றிப் பக்கம் 11.55க்கு முடிந்தது. முன்நெற்றியின் பூனைமுடி மிக மெல்லியது, எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுத்துவிடும் என்பதால்தான் அதைக் கடைசிக்கு வைக்கிறோம்.

நிறம் வந்துவிட்டதா என்பதைப் பூச்சின் மேலே பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கற்றையைத் துடைத்து, டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வேரையும் நடுவையும் சேர்த்துப் பாருங்கள். ஈர முடி நிஜத்தைவிடக் கருமையாகத் தெரியும், மஞ்சள் பல்பில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். வேருக்குப் போட்ட பிறகு ட்ரையர், ஸ்டீமர், பிளாஸ்டிக் கேப் எதுவும் வேண்டாம். தலையே சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. 40 வால்யூமைத் தலைத்தோலில் படவே விடாதீர்கள். அது தோலைச் சுட்டுவிடும். எரிச்சல் தாங்க முடியவில்லை என்றாலோ மூச்சு இழுத்தாலோ, நிறம் வரட்டும் என்று காத்திராமல் உடனே அலசிவிட வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரத்தையும் தாண்டக் கூடாது.

சரி, வேர் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது என்றால்? நடுமுடியும் வேரளவு வெளுக்கட்டும் என்று தலை முழுக்க மறுபடி ப்ளீச் போடுகிறார்கள். இதில்தான் முடி வேரருகே ஒடிந்து விழுகிறது. வேரைத் தொடாதீர்கள். நடுமுடியை மட்டும், அது தாங்கும் அளவுக்கு வெளுத்துவிட்டு, வேருக்கு நுனியைவிட ஒரு படி அடர்த்தியான, அம்மோனியா இல்லாத டெமி பர்மனெண்ட் நிறத்தைக் கொடுங்கள். வேர் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் இயல்பாகவே இருக்கும். வெளுத்த வேரும் கருத்த நுனியும்தான் கண்ணை உறுத்தும்.

டச் அப் விஷயத்தில் இதே சூடு நமக்கு உதவும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. இரண்டு மாதத்துக்குள் வந்தால் புது வளர்ச்சி முழுவதும் சூடு எட்டும் பகுதிக்குள்ளேயே இருக்கும், ஒரே பூச்சில் சமமாக வெளுக்கும். நான்கு மாதம் கழித்து 5 சென்டிமீட்டர் கருப்போடு வந்தால், அதை ஒரே மூச்சில் பூசினால் நடுவில் ஆரஞ்சுப் பட்டை விழும். தலையிலிருந்து தள்ளியிருக்கும் பாதிக்கு முதலில் போட்டு, டெஸ்டில் கண்ட இடைவெளி விட்டு, அப்புறம் வேருக்குப் போடுங்கள். பழைய ப்ளீச் தொடங்கும் கோட்டின் மேல் கலவை ஏறாமல் அந்த இடத்தில் கண்டிஷனர் தடவிக்கொள்ளுங்கள்.