எருதின் தலை எழுத்தான கதை

சினாய் பாலைவனத்தில் செராபித் அல் காதிம் என்ற மேட்டில் எகிப்தியர்கள் நீலப்பச்சைக் கல் வெட்டி எடுத்தார்கள். அவர்களோடு மேற்காசியாவின் செமிட்டிய மொழி பேசிய கானானியர்களும் அங்கே வேலை செய்தார்கள். 1905-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே சில விசித்திரமான கல்வெட்டுகளைக் கண்டார். எகிப்தியப் பட எழுத்தைப் போலவே இருந்தன. ஆனால் எகிப்திய மொழியாகப் படிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப வந்தவை மிகச் சில குறிகளே. எகிப்திய எழுத்திலோ நூற்றுக்கணக்கான குறிகள் உண்டு.

1916-இல் எகிப்திய எழுத்து அறிஞர் ஆலன் கார்டினர் புதிரை அவிழ்த்தார். வீடு, கண், தாற்றுக்கோல், சிலுவைக் கோடு என்ற நான்கு குறிகள் ஒரே வரிசையில் பல இடங்களில் வந்தன. படங்களின் பொருளை விட்டுவிட்டு, செமிட்டிய மொழியில் அவற்றின் பெயர்களுடைய முதல் ஒலியை மட்டும் எடுத்துப் பார்த்தார். வீடு 'பைத்', எனவே ப. கண் 'அயின்', அதன் முதல் ஒலி அடித்தொண்டையில் பிறக்கும் ஒரு மெய். கோல் 'லாமெத்', எனவே ல். கோடு 'தாவ்', எனவே த். சேர்த்தால் 'பஅலத்', அதாவது தலைவி. அந்த மேட்டில் கோயில் கொண்டிருந்த ஹாத்தோர் தெய்வத்தைக் கானானியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ஒரு சிறிய ஸ்பிங்க்ஸ் சிலையில் எகிப்திய எழுத்திலும் ஹாத்தோரின் பெயர் இருந்ததால் இந்த வாசிப்பு வலுப்பெற்றது. மற்றக் கல்வெட்டுகள் பலவற்றின் வாசிப்பு இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இதன் அழகைத் தமிழில் செய்து பார்த்தால் உணரலாம். மரம் வரைந்து 'ம்' என்றும், யானை வரைந்து 'ய்' என்றும் கொள்ளுங்கள். ஒரு மொழியில் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒலிகள் சில பத்துகள்தாம். அத்தனை படங்கள் போதும். படத்தின் பெயர் தெரிந்தவருக்கு ஒலியைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

ஒலியே முக்கியமான பிறகு, படம் அச்சு அசலாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. எருதின் தலை சில கோடுகளாகச் சுருங்கியது. கண் வெறும் வட்டமாயிற்று. இந்த எழுத்து வழியில் வந்த, மத்தியதரைக் கடலோர வணிகர்களான பினீசியர்களிடம் 22 எழுத்துகள் இருந்தன. எல்லாமே மெய்கள், உயிரொலியைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். வேர் மெய்களைச் சுற்றிச் சொற்கள் அமையும் செமிட்டிய மொழிகளில் அது பெரிய இடைஞ்சல் இல்லை.

பினீசியரிடமிருந்து கிரேக்கர் இந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். கிரேக்க மொழிக்கோ உயிரொலி இல்லாமல் சரிப்படவில்லை. பினீசியர் 'ஆலெப்' (எருது) என்றபோது முதலில் ஒலித்தது தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒரு மெய். கிரேக்கத்தில் அந்த மெய் கிடையாது. கிரேக்கரின் காதில் அந்தப் பெயர் உயிரொலியிலேயே தொடங்கியது. முதல் ஒலிதானே எழுத்தின் மதிப்பு? எனவே ஆலெப் 'ஆல்ஃபா' ஆகி அகர ஒலியைக் குறித்தது. கண்ணின் வட்டமும் உயிரெழுத்தாகி ஒகரத்தைக் குறித்தது. பழைய விதியை மாற்றாமலேயே, வேறொரு மொழிக்காரரின் காதால் மெய்யெழுத்து உயிரெழுத்தாகிவிட்டது என்பதே எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம்.

கிரேக்கரிடமிருந்து அவை இத்தாலிக்குப் போய் லத்தீன் எழுத்துகளாயின. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். இரண்டு கொம்புகளும் மேலே நிற்கும்.