நூறு ரூபாய் சோப்பில் பதினெட்டு ரூபாய் வரி இல்லை

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அந்த வாரம் எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு சின்ன வாக்குவாதம். "நூறு ரூபாய் சோப்புக்கு பதிமூணு ரூபா குறையணும் இல்லையா அண்ணாச்சி? பதினொண்ணுதான் குறைச்சிருக்கீங்க. மீதி ரெண்டு ரூபா யார் பாக்கெட்ல?" என்று ஒரு அம்மா கேட்டார். அண்ணாச்சிக்குப் பதில் தெரியவில்லை. கம்பெனி அனுப்பிய விலைப் பட்டியலை எடுத்துக் காட்டினார். பட்டியல் சரிதான். அந்த அம்மாவின் கணக்கில்தான் ஒரு வழுக்கல் இருந்தது, பெரும்பாலும் நாம் எல்லோருமே வழுக்கி விழும் இடம் அது.

பதினெட்டு சதவீதம் என்பது எதில் பதினெட்டு? கடையில் நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் அல்ல. வரி சேர்வதற்கு முன் அந்தச் சோப்புக்கு ஒரு விலை இருந்தது, அதன் மேல்தான் பதினெட்டு சதவீதம் விழுந்தது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால் கடை விலை 118. அதாவது கடை விலையை 118 பங்காகப் பிரித்தால் அதில் 18 பங்கு வரி. நம் சோப்பின் கடை விலை 100 என்பதால், அந்த நூறை 118 பங்காக்கி 18 பங்கை எடுக்க வேண்டும்:

```
வரி = விலை × விகிதம் ÷ (100 + விகிதம்)
100 × 18 ÷ 118 = 15.25
```

ஆக, பழைய சோப்பில் வரி 15 ரூபாய் 25 பைசா, சோப்பின் சொந்த விலை 84 ரூபாய் 75 பைசா. இந்த 84.75 மேல் புதிய 5 சதவீதத்தைப் போட்டால் 88.99 வருகிறது, ஏறக்குறைய 89 ரூபாய். குறைந்தது பதினொன்றுதான். வரி விகிதம் 13 புள்ளி இறங்கினால் கடை விலை 13/118 பங்குதான் இறங்கும், அது 11 சதவீதம். இதே காரணத்தால், 28-லிருந்து 18-க்கு இறங்கிய ஏ.சி.யின் விலை 10 சதவீதம் குறையாது. 10/128 பங்குதான், எட்டு சதவீதத்துக்கும் கீழே.

இந்தச் சூத்திரம் யாரோ வகுப்பறையில் போட்டதல்ல. வரியும் சேர்ந்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்க இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 35-ஆம் விதியே சொல்கிறது.

ஓட்டலில் கதை தலைகீழ். மெனுவில் தோசை 120 என்று இருக்கும், பில்லில் 126 வரும். அங்கே எழுதியிருப்பது வரி சேராத விலை, 5 சதவீதம் பிறகு ஏறுகிறது. ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இரண்டு வழக்கம் இருப்பதற்குக் காரணம், பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளுக்கு மட்டும் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலையை அச்சிட்டாக வேண்டும் என்ற சட்டம். தோசை பொட்டலத்தில் வருவதில்லை. அமெரிக்காவில் கடை அலமாரியிலேயே வரி சேராத விலைதான் ஒட்டியிருக்கும். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் மாறுகிறது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். வாங்குபவருக்கு அது ஒரு தலைவலி என்பது என் கருத்து. கையில் இருக்கும் காசுக்குப் பொருள் வருமா என்பது கல்லாவுக்குப் போனால்தான் தெரியும்.

5 சதவீதத்துக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. 5/105 என்பது 1/21. மொத்தத்தை 21-ஆல் வகுத்தால் வரி. 126-ஐ 21-ஆல் வகுத்தால் 6, தோசைக் கணக்கு சரியாக வந்துவிட்டது. 126-இல் நேரடியாக 5 சதவீதம் எடுத்திருந்தால் 6.30 வந்திருக்கும்.

கணக்கு சரி, இனி பைசாவைப் பார்ப்போம். சிறு கடைகளுக்கு எக்செலில் பில் போடும் ஃபைல் தயாரிப்பவர்களைப் படுத்தி எடுப்பது இந்த இடம்தான். 18 சதவீத ஜிஎஸ்டி பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டு வரியாக அச்சாகும். எம்.ஆர்.பி. 100 உள்ள, இன்னும் 18 சதவீதத்தில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய விலை 84.75. அதில் 9 சதவீதம் 7.6275, பைசாவுக்கு முழுமையாக்கினால் 7.63. இரண்டு 7.63-ஐயும் 84.75-உடன் கூட்டுங்கள்: 100.01. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா!

ஒரு பைசாதானே என்று விடலாம். அதே பொருளைப் பத்து வாங்கினால்? ஒன்றின் விலையை 84.75 என்று முழுமையாக்கிவிட்டு அதைப் பத்தால் பெருக்கினால் 847.50, ஒவ்வொரு வரியும் 76.28, மொத்தம் 1000.06. பிழை ஆறு மடங்காகிவிட்டது. முழுமையாக்குவதைப் பெருக்கலுக்கு முன்னால் செய்ததுதான் காரணம். ஆயிரம் ரூபாயை மொத்தமாக எடுத்து 1.18-ஆல் வகுத்தால் 847.46, வரிகள் 76.27 வீதம், கூட்டினால் சுத்தமாக 1000.00.

ஆனால் ஒற்றைப் பொருளுக்கு இதுவும் உதவாது. அதற்கு வரியை முதலில் எடுத்து, மிச்சத்தைப் பொருளின் விலையாக வைப்பதே வழி. A2-இல் மொத்தத் தொகை இருந்தால்:

```
B2: =ROUND(A2*9/118,2)
C2: =A2-2*B2
```

B2 ஒரு வரி, C2 வரிக்கு முந்தைய விலை. இங்கே 84.74 வரும், 84.75 அல்ல. அந்த ஒரு பைசாவை விலை தாங்கிக்கொள்கிறது, மொத்தம் அசையாது.

எல்லா விலையிலும் இப்படி வரியைப் பிரித்தெடுத்துவிட முடியாது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் இல்லை. அதில் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற மத்திய வரியும், அதன் மேல் மாநில வாட் வரியும் இருப்பதால் ஒரே சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது வெறும் எண்தான். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிந்த சிறு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர் பில்லில் வரி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதுவே தவறு.

கடைசியாக, தள்ளுபடிக் காலத்தில் இந்தக் கணக்கு நன்றாகக் கைகொடுக்கும். எம்.ஆர்.பி. 1000 ரூபாய் சட்டைக்கு 40 சதவீதத் தள்ளுபடி என்று பலகை. 600 எடுத்துக்கொண்டு போனால் 630 கேட்கிறார்கள், "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா சார்." எம்.ஆர்.பி.யே வரி சேர்ந்தது என்றால் அதில் கழித்து வந்த 600-க்குள்ளும் வரி இருக்கிறது, 600-ஐ 21-ஆல் வகுத்த 28.57. அதன் மேல் இன்னொரு முறை வரி போடுவது தவறு என்று நுகர்வோர் ஆணையங்களும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. பில்லில் "வரிக்குட்பட்ட மதிப்பு" என்ற கட்டத்தைப் பாருங்கள். 571.43 என்று இருந்தால் வரி உள்ளேயிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. 600 என்று இருந்தால் மேலே ஏற்றப்பட்டிருக்கிறது.