நேர்காணல் கடிதத்தில் நேரம் ஒன்றல்ல

"பத்தரைக்கு நேர்காணல்னு சொன்னாங்க, பத்து மணிக்கே போயிட்டேன், உள்ளே விடலை." மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் இந்தப் புலம்பலை எத்தனை முறைதான் கேட்பது? ஆங்கிலம் தெரிந்த யாரோ வாட்ஸ்அப்பில் வந்த நேர்காணல் கடிதத்தின் படத்தைப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் நேரத்தைச் சொல்லிவிடுகிறார். படித்தது சரி, சொன்னது பாதி.

ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மேலே கட்டத்துக்குள் நேர்காணல் 10.30. இரண்டாம் பத்தியில் ரிப்போர்ட்டிங் நேரம் 8.30. பின்பக்கத்துப் பொடி எழுத்தில், 9 மணிக்கு வாசல் அடைக்கப்படும் என்று இருக்கிறது. 10.30 என்பது குழு முன் உட்காரும் நேரம். சான்றிதழ் சரிபார்ப்பு அதற்கு முன்பே நடந்துவிடும். 8.30க்கு அங்கே வருகையைப் பதிவு செய்ய வேண்டும், பேருந்தில் வந்துகொண்டிருக்கக் கூடாது. மூன்று நேரத்தையும் தனித்தனி வரியில், எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதோடு எழுதிக் கொடுங்கள். தயவுசெய்து சுருக்காதீர்கள்.

மங்கலான படத்தில் 8 என்பது 3 போலவோ 6 போலவோ தெரியும். ஊகித்து நிரப்பாதீர்கள். "தெளிவில்லை" என்று எழுதிவிட்டு வேறு படம் கேளுங்கள். கடிதத்தை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிய எடுக்க வேண்டும். பின்பக்கமும் வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் தரத்தைக் குறைத்துவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 05/06 என்று தேதி இருந்தால் ஜூன் ஐந்தா, மே ஆறா? பக்கத்தில் கிழமை இருந்தால் நாட்காட்டியோடு ஒத்துப்பாருங்கள்.

ஆவணப் பட்டியலில் "அல்லது", "மற்றும்" இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். அடையாள அட்டை ஏதாவது ஒன்று போதும் என்றிருக்கும். பட்டச் சான்றிதழோடு எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்றிருக்கும். "அசலும் சுயசான்றொப்பமிட்ட நகல் ஒரு செட்டும்" என்றால் இரண்டு கட்டு. அசல் காட்டுவதற்கு. நகல் அங்கேயே கொடுப்பதற்கு, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட வேண்டும். இதை விளக்காமல் "சான்றிதழ் எடுத்துட்டுப் போ" என்றால், அந்தப் பிள்ளை காலையில் ஜெராக்ஸ் கடை தேடி ஓடும்.

நடத்தை விதிகளைச் செயலியிடம் ஒப்படைத்தால் "ஷல் நாட் பி என்டர்டெயின்ட்" என்பது "மகிழ்விக்கப்படாது" என்றுகூட வரலாம். கோரிக்கை ஏற்கப்படாது என்பதே பொருள். "கேன்வாசிங்" என்றால் யாரையாவது பிடித்துச் சிபாரிசு செய்ய வைப்பது. அப்படிச் செய்தால் தகுதியிழப்பு என்று எழுதியிருந்தால் அந்த விளைவையும் சேர்த்தே மொழிபெயருங்கள், வெறும் "கூடாது" போதாது. கைபேசிக்குத் தடை என்றால், அதை வைக்க அங்கே இடம் உண்டா என்று கடிதத்தில் தேடுங்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால், கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் முந்தின வேலை நாளே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.