துவாதசாம்சம்: அப்பா அம்மாவைப் பார்க்கும் கட்டம்

சாதகக் குறிப்பைக் கையில் எடுத்தால் நம் கண்ணில் படுவது இரண்டு கட்டம், இராசி ஒன்று, அம்சம் ஒன்று. திருகோணமலைப் பக்கம் வெறுமனே "அம்சம்" என்று சொன்னாலே அது நவாம்சம்தான். ஆனால் இப்போது கைபேசியில் சாதகம் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் D-12 என்று இன்னொரு கட்டத்தைக் கண்டு, "இதில்தானாம் அப்பா அம்மாவைப் பார்க்கிறது, எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தின் பெயர்தான் துவாதசாம்சம்.

சொல் வடமொழி. துவாதச என்றால் பன்னிரண்டு, துவி என்ற இரண்டும் தச என்ற பத்தும் சேர்ந்தது. அம்சம் என்றால் பங்கு, கூறு. ஓர் இராசியின் 30 பாகையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு கூறு 2 பாகை 30 கலை, அவ்வளவுதான் சொல்லுக்குள் இருப்பது. தாய் தந்தை என்ற பொருள் சொல்லில் இல்லை, அது பராசர முறையிலிருந்து வருகிறது. இராசியைக் கூறு போட்டு வரையும் பதினாறு வர்க்கக் கட்டங்களையும் பட்டியலிட்டு எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும்போது பெற்றோரைத் துவாதசாம்சத்துக்குக் கொடுத்தது பராசர ஹோரா சாத்திரம். பிரிக்கும் முறை மட்டும் 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரிடமும் உண்டு, கிரேக்கச் சோதிடத்திலும் டோடெகாடெமோரியோன் என்று இதே பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இருக்கிறது, பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கண்டிருக்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? பன்னிரண்டாம் கூறு என்று எழுதினால் கடைசிக் கூறு மட்டும் என்று பொருள் போய்விடும். பன்னிரண்டாம் வீட்டோடும், அதாவது விரய வீட்டோடும், குழப்பிக்கொள்வார்கள். அதனால் பன்னிரு கூறு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, கட்டத்தைச் சொல்லும்போது பன்னிரு கூற்றுக் கட்டம். துவாதசி திதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டிலும் பன்னிரண்டு என்ற எண் இருக்கிறது, அதுவே ஒற்றுமை.

கணக்கு சுலபம். கிரகமோ இலக்கினமோ நிற்கும் இராசியிலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும், முதல் கூறு அந்த இராசிக்கே. உதாரணத்துக்கு இலக்கினம் கடகத்தில் 9 பாகை என்று வையுங்கள். 7 பாகை 30 கலையோடு மூன்று கூறு முடிகிறது, 9 பாகை நாலாவது கூறில் விழுகிறது. கடகம், சிம்மம், கன்னி, துலாம் என்று எண்ணினால் துலாம். ஆக துவாதசாம்ச இலக்கினம் துலாம். அதற்கு நாலாம் வீடு மகரம், அது அம்மாவுக்கு. ஒன்பதாம் வீடு மிதுனம், அது அப்பாவுக்கு (பத்தாம் வீட்டை அப்பாவுக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள், நம் பக்கத்தில் ஒன்பதுதான் வழக்கம்). இவற்றோடு அம்மாவுக்குச் சந்திரனும் அப்பாவுக்குச் சூரியனும் இந்தக் கட்டத்தில் எந்த இராசியில், யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நாலு பிள்ளைக்கும் நாலு விதமான துவாதசாம்சம் வந்தால் எது சரி? இந்தக் கட்டம் அப்பாவின் சாதகமும் இல்லை, அம்மாவின் சாதகமும் இல்லை. நம் பேச்சில் முதுசம் என்று ஒரு சொல் இருக்கிறதே, பெற்றோர் வழியாக வந்து சேர்ந்த சொத்து, அதில் அண்ணனுக்கு வீடு வரும் தம்பிக்கு வயல் வரும். குணத்திலும் அப்படித்தான், இந்தப் பிள்ளைக்கு வந்த பங்கு எது, அப்பா அம்மாவோடு இந்தப் பிள்ளைக்கு ஒட்டுதல் எப்படி என்றுதான் கட்டத்தை வாசிக்க வேண்டும். அப்பாவின் கோபம் மூத்தவனுக்கு வந்ததும் அம்மாவின் சிக்கனம் இளையவளுக்கு வந்ததும் இந்தக் கணக்கில் முரண் இல்லை. ஒரு கிரகம் இராசியின் முதல் 2 பாகை 30 கலைக்குள் நின்றால் இரண்டு கட்டத்திலும் அதே இராசியில் வரும், அந்தக் கிரகத்தின் குணம் குடும்பத்தில் வழிவழியாக அழுத்தமாக ஓடுகிறது என்று வாசிக்கிற சாத்திரிமார் உண்டு. ஆனால் குடும்பத்தில் சீனி வியாதி வருமா என்பதற்கு இந்தக் கட்டத்தை நம்பக் கூடாது, அதற்கு இரத்தம் சோதிக்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான இடம், நேரம். இலக்கினம் ஒரு பாகை நகரக் கிட்டத்தட்ட 4 நிமிடம், அப்படியானால் ஒரு கூறு ஏறக்குறைய 10 நிமிடத்தில் மாறிவிடும். கைபேசியில் ஊர் கேட்கும்போது திருகோணமலைக்குப் பதில் கொழும்பைத் தட்டிவிட்டால் அதிலேயே ஐந்தரை நிமிடம் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய பிழை இலங்கையின் மணிக்கூட்டிலேயே இருக்கிறது. 1996 மே 25இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, கிரீன்விச் நேரத்துக்கு +6:30 ஆக்கினார்கள், அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி குறைத்து +6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி +5:30 வந்தது. இந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களுக்கு இன்று கலியாணம் பேசும் வயது, சாதகம் கையில் எடுக்கும் காலம். மேலே சொன்ன கடகம் 9 பாகைப் பிள்ளை 1999இல் ஆஸ்பத்திரி மணிக்கூட்டில் காலை 8:30க்குப் பிறந்தது என்று வைத்து, யாராவது அதை +5:30 என்று எண்ணிக் கணித்தால் இலக்கினம் அரை மணி முன்னே ஓடி 16 பாகைக்குப் போய்விடும். இராசிக் கட்டத்தில் அப்போதும் கடக இலக்கினம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. துவாதசாம்சத்திலோ 16 பாகை ஏழாவது கூறு, துலாம் போய் மகரம் வந்துவிட்டது, அம்மாவின் வீடு மேஷம், அப்பாவின் வீடு கன்னி. இல்லாத ஒரு அப்பா அம்மாவை வாசித்துக்கொண்டிருப்போம்!

சரிபார்க்க வழி இருக்கிறது. மென்பொருளில் நேர வலயம் `Asia/Colombo` என்று இருந்து, 1999ஆம் ஆண்டுத் திகதிக்கு `+06:00` என்று காட்டுகிறதா பாருங்கள், `+05:30` என்று காட்டினால் கையால் மாற்றிக் கொடுங்கள். சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்தவர்கள் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள், அதனால் மருத்துவிச்சி பார்த்த மணிக்கூடு பழைய நேரமா புது நேரமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

நேரம் எப்படியும் உறுதியாகாது என்றால் துவாதசாம்சத்தை முழுதாக விட்டுவிடத் தேவையில்லை. சூரியன் ஒரு கூறைக் கடக்க இரண்டரை நாள் எடுக்கிறது, சந்திரன் நாலரை மணித்தியாலம் அளவில். அரை மணி பிசகினாலும் இவர்கள் இரண்டு பேரும் பெரும்பாலும் அதே கூறில்தான் இருப்பார்கள், கூறின் விளிம்பில் நின்றால் மட்டும் கவனம். அப்படியான சாதகத்தில் நாலாம் வீடு ஒன்பதாம் வீடு என்று எதையும் சொல்லாமல், அப்பாவுக்குச் சூரியனையும் அம்மாவுக்குச் சந்திரனையும் மட்டும் வாசித்து நிறுத்துகிறவரே எனக்கு நல்ல சாத்திரியார்.