நிரப்பிய பிடிஎஃப் படிவத்தை ஃபிளாட்டன் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது?

பிடிஎஃப் படிவம் ஒன்றை நிரப்புகிறோம். ‘வேலை முடிக்கும் நாட்கள்’ என்ற கட்டத்தில் 45 என்று அடித்துவிட்டு, ஓரத்தில் மஞ்சள் குறிப்பு ஒன்றையும் வைத்து அனுப்புகிறோம். பெறுகிறவர் அதே கட்டத்தில் சொடுக்கி, 45-ஐ அழித்து 25 என்று அடித்துச் சேமித்துவிடலாம். இதற்குத் தில்லாலங்கடி வேலை எதுவும் தேவையில்லை. நிரப்புவதற்கென்றே செய்த கட்டம்தானே அது!

பிடிஎஃப் பக்கத்தில் அச்சான வரிகள், கோடுகள், படங்கள் எல்லாம் ஒரு வரைதல் கட்டளைத் தொகுப்பில் இருக்கின்றன. நிரப்பும் கட்டமும் குறிப்பும் அதற்குள் இல்லை. பக்கத்தின் `/Annots` என்ற பட்டியலில் தனித்தனிப் பொருட்களாக இருக்கின்றன. பக்கத்தை வரைந்து முடித்தபின் அவற்றை மேலே வைத்துக் காட்டுவது நாம் திறக்கும் மென்பொருளின் வேலை. ஃபிளாட்டன் செய்வது என்றால், மேலே வைத்ததைக் கீழே உள்ள வரைதலோடு ஒட்டிவிட்டு, அந்தத் தனிப் பொருளைத் தூக்கிவிடுவது.

நம் கட்டத்தையே பார்ப்போம். 45 என்பது அதற்குள் இரண்டு இடங்களில் இருக்கும். `/V` என்பதில் மதிப்பாக ஒரு தடவை, `/AP` என்பதில் தோற்றமாக இன்னொரு தடவை. தோற்றம் என்பது இன்ன எழுத்துருவில், இன்ன அளவில் 45 என்று வரைவதற்கான குட்டிக் கட்டளைத் தொகுப்பு. ஃபிளாட்டன் செய்யும் கருவி `/V`-ஐத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோற்றத்தை மட்டும் எடுத்து அதற்கு ஒரு பெயர் சூட்டி, பக்கத்தின் கட்டளைகளுக்குக் கடைசியில் இப்படி நாலு வரி சேர்க்கிறது:

```
q
1 0 0 1 220 510 cm
/Fm3 Do
Q
```

முதல் வரி தற்போதைய நிலையைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது வரி, கட்டம் இருந்த இடத்துக்கு நகர்கிறது. மூன்றாவது வரி அந்தத் தோற்றத்தை வரைகிறது; நான்காவது, பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்புறம் கட்டம் `/Annots` பட்டியலிலிருந்து நீங்கும், படிவத்துக்கான `/AcroForm` பதிவும் போய்விடும். 45 இப்போது அச்சான வரிகளைப் போல இன்னொரு வரி, அவ்வளவுதான்.

சிக்கலும் இங்கேதான் வரும். சில நிரல்கள் படிவத்தைத் தானாக நிரப்பும்போது `/V`-இல் 45 என்று எழுதிவிட்டு, தோற்றத்தைத் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக `/NeedAppearances` என்று ஒரு கொடியை ஏற்றி, ‘திறக்கும்போது நீயே வரைந்துகொள்’ என்று விட்டுவிடும். திரையில் 45 தெரியும். ஆனால் தோற்றத்தை நம்பும் கருவி ஒன்று ஃபிளாட்டன் செய்தால் கட்டம் வெறுமையாகும், அல்லது முன்பு யாரோ அடித்த பழைய எண் நிரந்தரமாகிவிடும். அதனால் qpdf என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தோற்றத்தை உருவாக்கச் சொல்வது நல்லது:

```
qpdf --generate-appearances --flatten-annotations=all in.pdf out.pdf
```

இந்தக் கட்டளை உருவாக்கும் தோற்றம் எளிமையானது. ஆங்கில எழுத்தும் எண்ணும் சரியாக வரும். தமிழில் நிரப்பியிருந்தால் இதை நம்ப வேண்டாம், நிரப்பிய மென்பொருளிலேயே ஃபிளாட்டன் செய்துகொள்ளுங்கள்.

மஞ்சள் குறிப்பு வேறு கதை. அதன் தோற்றம் என்பது அந்தச் சின்னம் மட்டுமே. நாம் எழுதிய வாசகம் சொடுக்கினால் திறக்கும் பெட்டியில் இருக்கிறது. ஒட்டினால் சின்னம் பக்கத்தில் நிற்கும், வாசகம் தெரியாது. பக்கத்தில் நேரடியாக அடித்த கருத்து, வண்ணக்கோடு, அடிக்கோடு இவையெல்லாம் கண்ணில் தெரிகிறபடியே ஒட்டும். ஒரு வரியை மறைக்கக் கறுப்புப் பெட்டி வரைந்திருந்தால் பெட்டியும் ஒட்டும். அடியில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும், தேர்வுசெய்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். மறைப்பதற்கு இது வழியே அல்ல.

முடிந்ததா என்று பார்ப்பது எளிது. கோப்பைத் திறந்து Tab விசையை அழுத்தினால் கட்டம் எதுவும் விழிக்கக்கூடாது. pdftk என்ற இன்னொரு கட்டளைவரிக் கருவி இருந்தால், `pdftk out.pdf dump_data_fields` என்று கொடுத்தால் ஒரு கட்டமும் பட்டியலில் வரக்கூடாது. அப்புறம் அசலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மதிப்பும், டிக் அடித்த ஒவ்வொரு பெட்டியும் இருக்கிறதா என்று கண்ணால் சரிபார்ப்பதை நான் தவிர்ப்பதே இல்லை.

சரி, இனி யாராலும் மாற்ற முடியாதா? முடியும். 45 இப்போதும் எழுத்துதான். பிடிஎஃப் திருத்தும் மென்பொருள் வைத்திருப்பவர் அதைத் தொட்டு மாற்றலாம். போகிற போக்கில் சொடுக்கி மாற்றும் வசதியை மட்டும்தான் ஃபிளாட்டன் எடுத்துவிடுகிறது. மாற்றினால் தெரிந்தாக வேண்டும் என்றால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படுவது. கையொப்பத்துக்குப் பிறகு ஃபிளாட்டன் செய்தால் கையொப்பமே செல்லாமல் போய்விடும். ஆகவே ஃபிளாட்டன் முதலில், கையொப்பம் கடைசியில்.