செம்புக் குடத்தின் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையனை மறுபடியும் அழைத்து வந்தார்கள். 17 வயது. கண் மஞ்சள், வயிற்றில் நீர். இரண்டு வருடத்துக்கு முன் முதலில் வந்தபோது கை நடுங்கியது, பேச்சு குழறியது, எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஒழுங்காக எழுதவில்லை என்று பள்ளியில் திட்டு வாங்கி, கோயிலில் மந்திரித்து, அதற்கப்புறம்தான் எங்களிடம் வந்தான். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்ததும் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிந்தது. உடம்பில் தாமிரம் தேங்கிப்போகும் வில்சன் நோய். மாத்திரை தொடங்கி ஒரு வருடத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான்.

"மாத்திரை?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வீட்ல இருந்த செம்புக் குடத்தையெல்லாம் போட்டுட்டு எவர்சில்வர் வாங்கிட்டோமே டாக்டர். பிள்ளையும் நல்லாயிட்டான். அப்புறம் எதுக்குன்னு எட்டு மாசமா நிறுத்திட்டோம்."

இதே பதிலை நான் கேட்பது இது முதல் முறை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செம்புக் குடம் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. நாம் எல்லோரும் சோறு, பருப்பு, நிலக்கடலை வழியாகத் தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் தாமிரம் சாப்பிடுகிறோம். மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் ATP7B. இவனுக்கு அதன் மரபணு அம்மா வழியில் வந்ததும் அப்பா வழியில் வந்ததும் பழுது. வாசல் அடைத்திருக்கிறது, குடத்தை மாற்றி என்ன பயன்? பருப்பில் வருவதும் உள்ளேயே தங்குகிறது. கல்லீரல் தாங்கும்வரை தாங்கிப் புண்ணாகும். அப்புறம் தாமிரம் ரத்தத்தில் கசிந்து, மூளையில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் கருவிழியிலும் படியும். நோயாளி செம்புப் பாத்திரத் தண்ணீரைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

பெனிசிலமைன் மாத்திரை தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்குகிறது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நடுக்கம் கூடும். உடனே எங்களிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை வேறு வழியில் வேலை செய்கிறது, குடலிலேயே தாமிரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. எதுவானாலும் மரபணு மாறப்போவதில்லை, அதனால் ஆயுள் முழுக்க மருந்து. நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று கைவிடலாம். அந்தக் கட்டத்தில் மாற்று அறுவை சிகிச்சைதான் பேச்சு. இந்தப் பையனுக்கு இப்போது அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை. நம் பக்கம் சகஜம்தான். ஆனால் பழுதான மரபணு இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "பாப்பா நல்லாத்தான் இருக்கு" என்று தங்கையைக் கூட்டிவர இரண்டு வருடம் தட்டிக்கழித்தார்கள். இந்த முறை பிடிவாதமாக வரவழைத்தேன். 9 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் குறைவு, ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் தாமிரம் அதிகம். அவளுக்குத் துத்தநாகம் தொடங்கியாயிற்று. தயவுசெய்து, வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் மற்ற பிள்ளைகளையும் அதே வாரத்தில் கூட்டி வாருங்கள்.