ப்ராம்ட்: தூண்டுரை

ஏஐ மாடலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புதான் ‘ப்ராம்ட்’. இந்தச் சொல் நமக்கு ஆங்கிலம் வழியே வந்தாலும் அதன் வேர் லத்தீன். அங்கே ‘ப்ரோமெரே’ என்றால் வெளியே எடுப்பது. மேடையில் வசனம் மறந்த நடிகருக்கு மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுப்பவரையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லிலிருந்து வந்த ‘ப்ராம்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள். தமிழில் சிலர் ‘கட்டளை’ என்று எழுதுகிறார்கள். எனக்குத் ‘தூண்டுரை’தான் சரி. கட்டளைக்குக் கணினி அப்படியே பணியும். எழுத்திலிருந்து வீடியோ உருவாக்கும் மாடலோ நம் சொற்கள் காட்டும் பக்கம் சாயும், அவ்வளவுதான். நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதுவே நிரப்பிக்கொள்ளும்.

விளம்பர வீடியோவில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். தொண்டிப் பக்கம் ஒரு கடை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பாட்டிலில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிளிப் வேண்டும்: பாட்டில் தனியாக, ஒரு கை மிளகாயை அள்ளுவது, மிளகாய் எண்ணெயில் விழுவது. ஒன்றுக்குக் ‘காலை வெயில்’, அடுத்ததற்கு ‘இயற்கை ஒளி’, மூன்றாவதற்கு ‘சினிமாத்தனமாக’ என்று எழுதினால், கருஞ்சிவப்பு மிளகாய் ஒன்றில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் பழுப்பாகவும் வரும். தனித்தனியாக உருவாக்கும்போது முந்தைய கிளிப் மாடலுக்கு நினைவில் இருக்காது.

ஆகவே தூண்டுரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒளி, நிறம், பின்னணி எல்லாம் நிலைப்பகுதி. அதை மூன்று கிளிப்புக்கும் ஒரு சொல்கூட மாற்றாமல் ஒட்ட வேண்டும். ‘மென்மையான’ என்பதை அடுத்ததில் ‘இதமான’ என்று மாற்றினாலே ஒளி மாறக்கூடும். அசைவு மட்டும் மாறும் பகுதி. பல மாடல்கள் ஆங்கிலத்தையே நன்றாகப் புரிந்துகொள்வதால் நிலைப்பகுதி இப்படி இருக்கலாம்:

```
Soft window light from camera left, 5600K,
shadows fall to the right. Plain off-white
wall, woven palm-leaf mat. Round, glossy,
deep maroon-red dried chillies. Locked camera.
```

ஒளி வரும் திசையும் நிழல் விழும் திசையும் இதில் இருக்கின்றன. 5600K என்பது பகல் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு. ‘அழகான ஒளி’ என்பது மாடலுக்கு எதையும் சொல்லாது. பிராண்டின் நிறத்தை #7A1414 போன்ற குறியீடாகக் கொடுத்தால் பெரும்பாலும் பிடிபடாது. நிறத்தின் பெயரைப் பொருளோடு சேர்த்துச் சொல்வது மேல்.

சொல்லால் மட்டும் முழுக் கட்டுப்பாடு கிடைத்துவிடாது. நல்ல புகைப்படம் ஒன்றை முதல் பிரேமாகக் கொடுக்க வசதி இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. பாட்டிலின் வடிவத்தைச் சொற்களைவிட அதுதான் நன்றாகப் பிடித்து வைக்கும். மாடல் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து உருவாக்கத் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை மாற்றாமல் வைப்பதும் கொஞ்சம் உதவும், ஆனால் மற்றச் சொற்கள் மாறினால் அதன் பிடி தளரும்.

முடிந்ததும் ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் ஒரு பிரேம் எடுத்து வரிசையாக வையுங்கள். நிழல் ஒரே பக்கம் விழுகிறதா? சுவரின் வெள்ளை ஒரே வெள்ளையா? வெள்ளை சற்றே விலகியிருந்தால் எடிட்டிங்கில் சரிசெய்யலாம். நிழல் மாறியிருந்தால் அந்தக் கிளிப்பைத் திரும்ப உருவாக்க வேண்டியதுதான். லேபிளில் உள்ள தமிழ் எழுத்தை மாடலிடம் கேட்கவே வேண்டாம், கொம்பும் காலும் இடம் மாறி வரக்கூடும். வெற்று லேபிளோடு எடுத்து, எழுத்தைப் பிறகு எடிட்டிங்கில் மேலே வைத்துக்கொள்ளலாம்.